இறங்கும் முன் ஒரு படம்

திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டச்சுக்குடாவும் பிரட்றிக் கோட்டையும், மறுபக்கம் உள்துறைமுகமும் கடற்படைத் தளமும். நடுவிலே கடைத்தெரு, பஸ் நிலையம், பள்ளிக்கூடங்கள், கோயில்கள், நீதிமன்றம் எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நகரம் விரிவதற்கு இடமில்லை, வாகனங்களுக்கும் இல்லை. அதனால் இங்கே ஒவ்வொரு தெருமுனைக் கம்பத்திலும் ஏதாவது ஒரு தடை தொங்குகிறது. பெரும்பாலும் அது நாள் முழுவதற்குமான தடையாக இருப்பதில்லை. குறித்த மணிக்குத் தொடங்கி குறித்த மணிக்கு முடியும், யாருக்காவது விலக்கும் கொடுக்கும். அந்த இரண்டையும் சரியாக வாசித்த பிறகுதான் சாவியைக் கழற்ற வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா ஒரு பழைய ஹை-ஏஸ் வானை வாடகைக்கு ஓட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வரும், சிங்களம் பேச மட்டும் வரும். 1956ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. அதன் பிறகு எழுந்த பலகைகளில் தமிழ் இருந்தால் அது பலகை எழுதியவரின் தயவு. தமிழர்களும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் சேர்ந்து வாழும் இந்த ஊரிலேயே, எங்கள் வான் போய் நிற்கும் இடத்தில் அப்பாவால் வாசிக்க முடியாத பலகை இருக்கும்.

அவர் இயந்திரத்தை நிறுத்த மாட்டார். பிரேக்கில் கால் வைத்தபடி என்னை இறக்கிவிடுவார்.

"தம்பி, நானாட்ட போய்க் கேட்டுட்டு வா, இதில நிப்பாட்டலாமோ எண்டு."

நானா என்றது தேத்தண்ணிக் கடைக்காரரை. அவர் தேயிலை வடியைத் தூக்கிப் பிடித்தபடியே எட்டிப் பார்த்துச் சொல்லுவார். "பின்னேரம் நாலு மட்டும் நிக்கலாம் மகன். அதுக்குப் பிறகு அவங்கட ட்ரக் வரும்." பலகையில் எழுதியிருந்தது வேறாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் நடக்கிற முறை நானா சொன்னதுதான். போர்க்காலத்தில் எந்த வீதி எத்தனை மணிக்கு மூடும், யாருடைய வாகனம் உள்ளே போகலாம் என்பதெல்லாம் காவலரணில் நிற்கிறவரின் வாயில் இருந்தது. காலையில் போகவிட்டவர் மாறி மாலையில் வேறொருவர் நின்றால் விதியும் மாறும். கிண்ணியாவுக்குப் போகவேண்டுமென்றால் ‘பாதை’யில் வானை ஏற்றிக் கடலைத் தாண்ட வேண்டும். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் அதுவும் நேரத்துக்குக் கட்டுப்பட்ட பயணம்தான். கடைசிப் பாதை எப்போது என்பதையும் ஆளிடம் கேட்டே அறிந்தோம்.

விலக்கு யாருக்கு என்பது எழுத்தில் இருந்ததே இல்லை. அதைச் சொல்லும் மனிதனைத் தெரிந்து வைத்திருப்பதே ஓட்டுநரின் தொழிலறிவு.

இன்றைக்கு அந்தத் தேத்தண்ணிக் கடை இல்லை. தெருக்களில் கார்கள் பெருகிவிட்டன. கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் வெளியூர்க்காரர் வருகிறார்கள், அவர்களுக்கு எந்த நானாவையும் தெரியாது. விலக்கு இப்போது பலகையின் கடைசி வரியில் இருக்கிறது. வாசிக்கக் கையில் போன் இருக்கிறது. கூகிளின் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்ந்தன. கமராவைப் பலகைக்கு நேரே பிடித்தால் எழுத்தின் மேலேயே மொழிபெயர்ப்பு வந்து உட்கார்கிறது. அப்பா பார்த்திருந்தால் வியந்திருப்பார். நானும் மனதார வரவேற்கிறேன். தெரியாத மொழியில் எழுதிய தடையின் முன்னால் ஒரு மனிதன் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. ஆனால் போன் சொன்னதைக் கேட்டவுடன் இறங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அந்தப் பதற்றத்துக்குக் காரணமான ஒரு பலகையை இங்கே வரிவரியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அது துறைமுகப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையின் வாயில். பக்கத்தில் பள்ளிக்கூடம். மேலே சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பட்டை. கீழே தகரத்தில் கையால் எழுதிய பலகை, சிங்களம் மட்டும். நிறுவியவர் யாரென்பது இங்கே தேவையில்லை. எழுதியவருக்குக் கிடைத்த தகரம் அகலம் குறைந்தது, ஆகவே வரிகளை நினைத்த இடத்தில் உடைத்திருந்தார். தமிழ் எழுத்தில் தந்தால் அது இப்படி இருக்கும்: முதல் வரி "எத்துல்வீம தஹனம்". இரண்டாவது "பெ.வ. 6.30 – 7.30". மூன்றாவது "ப.வ. 1.00 – 2.00". நான்காவது "பாசல் வாஹன". ஐந்தாவது "ஹெர. இரிதா ஸஹ". ஆறாவது "நிவாடு தின ஹெர".

பொருள் இதுதான்: காலை 6.30 முதல் 7.30 வரையும் பிற்பகல் 1.00 முதல் 2.00 வரையும் உட்செல்லத் தடை, பாடசாலை வாகனங்கள் தவிர. ஞாயிறும் விடுமுறை நாட்களும் இந்தத் தடைக்கு வெளியே. பள்ளி தொடங்குவது 7.30க்கு, விடுவது 1.30க்கு. பிள்ளைகள் தெருவில் நிற்கும் நேரத்தில் மற்ற வாகனங்களை விலக்கி வைக்கிறார்கள். நல்ல விதி.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன் முன்னால் வானை நிறுத்தியிருந்தது. கோயிலுக்குப் போகுமுன் ஒழுங்கைக்குள் இருந்த உறவினர் வீட்டில் இறங்க வேண்டும். ஓட்டிவந்த பொடியன் கண்ணாடியைத் தாழ்த்தி, இருந்த இடத்திலிருந்தே சரிவாகப் படம் எடுத்துவிட்டு என்னிடம் போனைக் காட்டினான்.

"அண்ணை, இது பள்ளிக்கூட வாகனத்துக்குத்தானே தடை? அதுவும் பின்னேரம். நாங்கள் உள்ளுக்குப் போகலாம்தானே?"

திரையில் அப்படித்தான் இருந்தது. உட்செல்லத் தடை, பி.ப. 6.30 – 7.30, பி.ப. 1.00 – 2.00, பாடசாலை வாகனங்கள், ஞாயிறும் விடுமுறை நாட்களும் தவிர. ஒரு சொல்லும் ஒரு குறியும் காணாமல் போனதால் விதி முழுவதும் தலைகீழாகிவிட்டது. யாருக்கு விலக்கோ அவர்களுக்குத் தடை. எப்போது தடையோ அப்போது திறந்த வழி.

முதலில் அந்தக் குறி. சிங்களத்தில் முற்பகலைச் சுருக்கி எழுதுவது பெ.வ., பிற்பகலை எழுதுவது ப.வ. இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் ஒரு கொம்பு மட்டும், நம்முடைய ‘பெ’யில் நிற்கிற கொம்பைப் போல. பலகையைக் கம்பத்தோடு இறுக்கிய ஆணியின் துரு அந்த இடத்தில் இறங்கியிருந்தது. சரிவாக எடுத்த படத்தில் கொம்பு துருவோடு கரைந்துவிட்டது. போன் கண்டது ப.வ. மட்டுமே. கடலோர ஊரில் உப்புக்காற்று எந்தப் பலகையையும் விட்டுவைப்பதில்லை, ஆணி அடித்த இடம்தான் முதலில் போகும். ஆகவே இந்தப் பிழை இங்கே அடிக்கடி நேரக்கூடியது.

அடுத்தது ‘ஹெர’. நம்முடைய ‘தவிர’வைப் போலவே அதுவும் விலக்கப்படுகிற பொருளுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும். எழுதியவர் இடம் போதாமல் ‘பாசல் வாஹன’வை ஒரு வரியிலும் ‘ஹெர’வை அடுத்த வரியின் தொடக்கத்திலும் போட்டுவிட்டார். மனிதக் கண் முற்றுப்புள்ளியைப் பார்த்து அது மேல்வரிக்குரியது என்று புரிந்துகொள்ளும். போன் அந்த வரியை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து ஒரு துண்டாக எடுத்துக்கொண்டது. அந்தத் துண்டில் இரண்டு ‘ஹெர’ இருந்ததால் ஒன்றை விழுங்கிவிட்டது. மேலே ‘பாடசாலை வாகனங்கள்’ தனித்து நின்றது. தடைக்குக் கீழே தனித்து நிற்கும் பெயர் தடைக்குரிய பெயராகத்தானே தெரியும்?

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்ததால் ஒரே பார்வையில் பிடிபட்டது. ஆனால் தெரியாத ஒருவராலும் அந்தத் திரையை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பொடியனுக்கு மூன்று இடங்களைக் காட்டினேன். ஒன்று, நேர வரிசை. பலகை எழுதுகிறவர் நேரங்களைக் காலையிலிருந்து மாலைக்கு வரிசையாகத்தான் எழுதுவார். மாலை 6.30ஐ மேலே எழுதிவிட்டு, கீழே பிற்பகல் 1.00ஐ எழுத மாட்டார். இரண்டுமே பி.ப. என்று வந்தால் ஒன்று தவறு. இரண்டு, வட்டத்தின் படம். சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அது எல்லா வாகனங்களுக்கும் உரிய தடை. ஒரு வகை வாகனத்தை மட்டும் தடுப்பதானால் வட்டத்துக்குள் அந்த வாகனத்தின் உருவம் இருக்கும், லொறிக்கு லொறி, சைக்கிளுக்கு சைக்கிள். பட்டைக்குக் கீழே ஒரு வாகனத்தின் பெயர் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் விலக்குப் பெறுகிற வாகனம். மூன்று, இடம். பள்ளிக்கூட வாசலில் பள்ளிக்கூட வாகனத்தைத் தடுப்பதில் பொருளே இல்லை.

அவன் தலையாட்டிவிட்டு வானைப் பிரதான வீதியில் ஓரமாகக் கொண்டுபோனான். 7.30க்குப் பிறகு உள்ளே போனார்கள். ஏழு மணிக்கே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இலங்கையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பொலிஸ்காரர் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தைக் கொடுப்பார். அப்போதெல்லாம் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய், அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரருக்கு அது அரை நாள் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு இன்னொரு பயணம். அதைவிடப் பெரிது, பிள்ளைகள் நிறைந்த ஒழுங்கைக்குள் எதிர்பாராத ஒரு வான் நுழைவது.

படம் எடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இருக்கையில் இருந்தபடி கண்ணாடி வழியே எடுக்கக் கூடாது. வாகனத்தை ஆபத்தில்லாத இடத்தில் ஒதுக்கி, இயக்கத்தை நிறுத்தாமல், உதவிக்கு வந்தவர் இறங்கிப் பலகைக்கு நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். முதல் படத்தில் கம்பம் முழுவதும் வரட்டும். வட்டம், அதன் கீழே உள்ள தகடுகள், அம்புக்குறிகள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் தடை நீள்கிறது, அதை எந்த மொழிபெயர்ப்பும் சொல்லாது. நீலப் பின்னணியில் ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போனால் தரித்து வைக்கத்தான் தடை, ஆளை இறக்கிவிட்டுப் போகலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போலப் போனால் அதற்கும் இடமில்லை. இரண்டாவது படத்தில் எழுத்து மட்டும் பெரிதாக வரட்டும். ஒளியைத் திருப்பி அடிக்கும் தகடுகளில் இரவு நேரம் ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளை வெளிச்சம் மட்டுமே மிஞ்சும். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒருவர் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெளிவாக விழும்.

பிறகு மொழியைப் போன் தானாகக் கண்டுபிடிக்க விடாமல், சிங்களம் என்று நாமே தெரிவு செய்ய வேண்டும். சுருக்க எழுத்துக்கள் நிறைந்த நாலு வரியில் அது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பை வாசிப்பதற்கு முன்னால், போன் எந்த எழுத்துக்களைக் கண்டது என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். படத்தில் உள்ள எழுத்தும் போன் கண்ட எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிட மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண் போதும். கொம்பு விழுந்ததா, இலக்கம் மாறியதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எழுத்துப் பிழையை அப்படிக் களைந்த பிறகு மிஞ்சுவது மொழிபெயர்ப்புப் பிழை மட்டும். அதைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன நேர வரிசையும் வட்டத்தின் படமும் உதவும்.

என் தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே போன புதிதில் சனிக்கிழமை ஒன்றில் அவள் வாகனத்துக்குத் தண்டம் வந்தது. பலகையில் ‘வெர்க்டாக்ஸ்’ என்று இருந்தது, போன் அதை வார நாட்கள் என்று காட்டியது. திங்கள் முதல் வெள்ளி என்று நினைத்துவிட்டாள். ஜெர்மனியப் பலகைகளில் அந்தச் சொல்லுக்குள் சனிக்கிழமையும் அடங்கும். சொல் சரியாகவே பெயர்ந்திருந்தது, அந்த நாட்டுக் கிழமைக் கணக்குத்தான் வேறு. அதேபோல ‘அன்லீகர் ஃப்ரை’ என்ற வரியைப் போன் "குடியிருப்பாளர் இலவசம்" என்று காட்டுமாம். உண்மையில் அந்தத் தெருவில் உள்ள வீட்டுக்கோ கடைக்கோ அலுவலாக வருகிறவர் நுழையலாம் என்பதே அதன் பொருள். விருந்தாளியும் நுழையலாம், காசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தக் கிழமைக் கணக்கு நம்மூரிலும் உண்டு, அதைத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் கவனிக்க வேண்டும். இலங்கையில் ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி நாள் போயா, அரச விடுமுறை. "விடுமுறை நாட்கள் தவிர" என்ற வரி அன்றைக்கும் செல்லும். புதன்கிழமையில் போயா வந்தால் பள்ளிக்கூட ஒழுங்கை நாள் முழுவதும் திறந்திருக்கும். "நிவாடு தின" விடுமுறை நாள் என்று போன் சரியாகச் சொல்லும். இன்றைக்கு விடுமுறையா என்று அது சொல்லாது. நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

திருகோணமலையில் எங்களுக்கு இருக்கும் ஒரு வசதியைத் தங்கை அடிக்கடி சொல்லி ஏங்குவாள். இங்கே முறையாக வைத்த பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். ஒரே விதி மூன்று முறை எழுதியிருக்கிறது. தமிழ் வரி இருக்கும்போது போன் எதற்கு என்று கேட்கலாம். தமிழ் வரியையும் அப்படியே நம்ப முடியாது என்பதே வருத்தமான உண்மை. பஸ் இருக்கைக்கு மேல் ‘கர்ப்பிணித் தாய்மாருக்கு’ என்று இருக்க வேண்டியது ஓரெழுத்து மாறி ‘நாய்மாருக்கு’ என்று வந்ததை நாடே பார்த்தது. வீதிப் பலகையில் அதே கவனக்குறைவு மு.ப.வைப் பி.ப. ஆக்கும், ‘தவிர’வை விட்டுவிடும். ஆகவே மூன்று வரிகளிலும் உள்ள இலக்கங்களை முதலில் ஒப்பிடுங்கள். பிறகு சிங்கள வரியையும் ஆங்கில வரியையும் தனித்தனியே தமிழாக்கிப் பாருங்கள். மூன்றும் ஒன்றானால் இறங்கலாம். ஒன்று மாறினால், கடுமையான வரியையே கடைப்பிடித்து வேறு இடம் தேடுவது பாதுகாப்பு. அல்லது பக்கத்துக் கடையில் கேளுங்கள். நானா இல்லாவிட்டாலும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

சிங்களம் மட்டும் எழுதிய அந்தத் தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்கிறது. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். இந்த ஊரில் ஒரு தடைப் பலகை தமிழ் இல்லாமல் தொங்குவது, அதை வாசிக்கத் தெரியாதவனிடமே தண்டம் வாங்குவதற்கு வழி செய்கிறது. அப்பாவின் காலத்தில் இதைச் சொல்லப் பயந்தோம். இப்போது சொல்லலாம், சொல்லுவதற்கு இடமும் உண்டு. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இத்தகைய முறைப்பாடுகளை ஏற்கிறது.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுத்துமுன் எடுத்த படத்தை வேலை முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். அதில் தமிழ் இல்லையென்றாலோ, தமிழ் வரி மற்ற இரண்டு வரிகளோடு ஒத்துவரவில்லையென்றாலோ, இடத்தையும் தேதியையும் குறித்து ஆணைக்குழுவுக்கும் அந்த வீதிக்குப் பொறுப்பான சபைக்கும் அனுப்புங்கள். பலகையைத் திருத்த ஒரு தூரிகையும் அரை மணி நேரமும் போதும்.